சதவீதமும் அதன் சந்தேகமும்

மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களில் பலர் இதைக் கவனித்திருப்பார்கள். மேம்பாலம் ஏறத் தொடங்கும்போது திரையில் 58 என்று இருந்த சார்ஜ், உச்சியைத் தொடுவதற்குள் 54-க்கு இறங்கிவிடுகிறது. பாலம் இறங்கி சிக்னலில் காலூன்றி நிற்கும்போது 55, பிறகு 56 என்று தானாகவே ஏறுகிறது. நிற்கிற வண்டிக்கு யாரும் சார்ஜ் போடவில்லை. பேட்டரிக்குள் புதிதாக ஒன்றும் வரவும் இல்லை. மாறியது பேட்டரியல்ல, அதைப் பற்றிய கணக்கு.

அந்தக் கணக்கைப் போடுவது பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய சர்க்யூட் போர்டு. அதில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், செல்களின் வோல்டேஜை அளக்கும் ஒரு சில்லு, கரண்டை அளக்கும் ஒரு ஷன்ட், சில வெப்பமானிகள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகும் இந்தக் காலத்தில், அந்த போர்டுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் நம் ஊர்களிலேயே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் மிகுந்த பொறுமை கேட்கும் பகுதி, திரையில் தெரிகிற அந்த ஒற்றைச் சதவீதம்தான்.

காரணம் எளிது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை நேரடியாக அளக்க எந்தக் கருவியும் இல்லை. லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து இன்னொரு மின்முனைக்கு எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதுதான் சார்ஜ் நிலை. மூடிய செல்லுக்குள் போய் அதை எண்ண முடியாது. வெளியிலிருந்து கிடைப்பவை கரண்ட், வோல்டேஜ், வெப்பநிலை ஆகிய மூன்று மட்டுமே. இவற்றிலிருந்து சார்ஜை ஊகிக்க வேண்டும்.

ஊகிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, உள்ளே போன கரண்டையும் வெளியே வந்த கரண்டையும் வினாடிக்கு வினாடி கூட்டிக் கழித்துக்கொண்டே வருவது. 40 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேக்கிலிருந்து 4 ஆம்பியர்-மணி வெளியே போனால் 10 சதவீதம் குறைந்தது என்று பொருள். இதில் ஒரு தொல்லை: கரண்டை அளக்கும் கருவிக்குச் சிறு பிழை இருந்தால் அது நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். ஷன்டின் தடை 0.1 மில்லிஓம் என்றால், 100 மில்லிஆம்பியர் கரண்டுக்கு அதன் குறுக்கே கிடைப்பது 10 மைக்ரோவோல்ட்தான். அளக்கும் சில்லின் சுழிப் புள்ளி அந்த அளவு நகர்ந்திருந்தால்கூட, வண்டி சும்மா நிற்கும்போதும் 100 மில்லிஆம்பியர் ஓடுவதாகக் கணக்கு ஏறும். 24 மணி நேரத்தில் அது 2.4 ஆம்பியர்-மணி, அதாவது 6 சதவீதம். மேலும், தொடக்கத்தில் எத்தனை சதவீதம் இருந்தது என்பதை இந்த வழி ஒருபோதும் சொல்லாது. தொடக்கம் தவறாக இருந்தால் கடைசிவரை தவறுதான்.

இரண்டாவது வழி வோல்டேஜ். நன்றாக ஓய்ந்து கிடக்கும் செல்லின் வோல்டேஜுக்கும் அதன் சார்ஜுக்கும் நிலையான உறவு உண்டு. ஆய்வகத்தில் மெல்ல மெல்ல சார்ஜைக் குறைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஓய்வு வோல்டேஜைக் குறித்து, ஒரு அட்டவணை தயாரித்துவிடலாம். ஆனால் ஓடுகிற வண்டியில் செல் ஓய்ந்திருப்பதில்லை. கரண்ட் ஓடும்போது உள்தடையால் வோல்டேஜ் கீழே இழுக்கப்படுகிறது. கரண்ட் நின்ற பிறகும் அது உடனே மேலே வந்துவிடாது. முதல் பகுதி சட்டென்று ஏறும், மீதி மெல்ல ஊர்ந்து ஏறும். முழுதாக நிலைக்கச் சில சமயம் மணிக்கணக்கு ஆகும்.

ஒன்றுக்கு ஞாபகம் நல்லது, ஆனால் தொடக்கம் தெரியாது, பிழையும் சேரும். மற்றொன்று தொடக்கத்தைச் சொல்லும், பிழையைச் சேர்க்காது, ஆனால் நொடிக்கு நொடி தடுமாறும். இரண்டையும் எந்த விகிதத்தில் நம்புவது என்பதை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத் தருவதுதான் கால்மன் ஃபில்டர்.

இரவுப் பேருந்தில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறீர்கள். கண்விழித்து மணியைப் பார்க்கிறீர்கள். கிளம்பி மூன்று மணி நேரம் ஆகிவிட்டதால் விழுப்புரம் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள். அது முன்கணிப்பு. நேரம் போகப் போக அந்த ஊகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போகும். ஜன்னல் வழியே ஒரு கடைப் பலகை தெரிகிறது. ஊர்ப் பெயர் தெளிவாகத் தெரிந்தால் ஊகத்தை விட்டுவிட்டு பலகையை நம்புவீர்கள். மங்கலாகத் தெரிந்தால் ஊகத்தைச் சற்றே திருத்திக்கொள்வீர்கள். எவ்வளவு திருத்துவது என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: உங்கள் ஊகத்தில் உங்களுக்கு இருக்கும் சந்தேகம், பலகை தெரிந்த விதத்தில் இருக்கும் சந்தேகம். ஃபில்டர் இந்த இரண்டு சந்தேகங்களையும் எண்களாக வைத்துக்கொள்கிறது. அதன் சிறப்பு இங்கேதான். அது சார்ஜ் இவ்வளவு என்று மட்டும் சொல்வதில்லை. அந்த விடையில் தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதையும் கூடவே சொல்கிறது.

புடாபெஸ்டில் 1930-இல் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன் இந்த முறையை 1960-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஸ்டான்லி ஷ்மிட் அதை நேர்கோட்டில் அடங்காத கணக்குகளுக்கும் பொருந்தும்படி விரித்து, அப்பல்லோ பயணத்தின் வழிகாட்டலுக்குக் கொண்டுபோனார். பேட்டரிக்கு அதை முறையாகப் பொருத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிரெகரி ப்ளெட். அவர் 2004-இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட கட்டுரைகளை இன்றும் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் படிக்கிறார்கள்.

ஃபில்டருக்கு முதலில் பேட்டரியின் ஒரு மாதிரி வேண்டும். வழக்கமாகப் பயன்படுவது மிகச் சிறியது: ஓய்வு வோல்டேஜ் தரும் ஒரு மூலம், அதோடு தொடராக ஓர் உள்தடை, அதையடுத்து ஒரு தடையும் மின்தேக்கியும் இணையாக இருக்கும் ஒரு ஜோடி. அந்த ஜோடிதான் கரண்ட் நின்றபின் வோல்டேஜ் ஊர்ந்து ஏறும் நடத்தையைக் காட்டுவது. எனவே ஃபில்டர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நிலைகள் இரண்டே: சார்ஜ், அந்த ஜோடியின் குறுக்கே உள்ள வோல்டேஜ். ஒவ்வொரு சுற்றிலும் நடப்பதன் சாரம் இவ்வளவுதான்:

```c
/* i > 0 : டிஸ்சார்ஜ் */
soc -= i * dt / (3600.0f * cap_ah);
v1   = a * v1 + r1 * (1.0f - a) * i;

e    = v_meas - (ocv(soc) - v1 - r0 * i);
soc += k_soc * e;
v1  += k_v1 * e;
```

முதல் இரண்டு வரிகள் முன்கணிப்பு. மூன்றாவது வரி, மாதிரி எதிர்பார்த்த வோல்டேஜுக்கும் உண்மையில் அளந்த வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறது. கடைசி இரண்டு வரிகள் அந்த வித்தியாசத்தைக் கொண்டு இரு நிலைகளையும் திருத்துகின்றன. இதில் வராமல் மறைந்து நிற்பது `k_soc` என்ற அந்தப் பெருக்கெண் எப்படிக் கிடைக்கிறது என்பது. அதன் பெயர் கால்மன் கெயின். ஜோடியை ஒதுக்கிவிட்டு சார்ஜை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் சூத்திரம் ஒரே வரி:

```c
k = p * h / (h * p * h + r);
```

`p` என்பது நம் ஊகத்தில் உள்ள சந்தேகத்தின் வர்க்கம். `r` என்பது வோல்டேஜ் அளவில் உள்ள சந்தேகத்தின் வர்க்கம். `h` என்பது ஓய்வு வோல்டேஜ் அட்டவணையின் சாய்வு, அதாவது சார்ஜ் சற்று மாறினால் வோல்டேஜ் எவ்வளவு மாறும் என்பது. பேட்டரி வேலையில் வெற்றியும் தோல்வியும் இந்த மூன்றாவது எண்ணில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. ஆகவே ஒரு கணக்கை எண்களோடு போட்டுப் பார்ப்போம்.

நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. செல்களால் ஆன ஒரு ஸ்கூட்டர் பேக். தொடரில் 14 செல் வரிசைகள், கொள்ளளவு 40 ஆம்பியர்-மணி, ஒரு வரிசையின் உள்தடை 2 மில்லிஓம். உண்மையான சார்ஜ் 70 சதவீதம். ஆனால் போர்டு இப்போதுதான் புதிதாக உயிர்பெற்றது. அதற்கு ஒன்றும் தெரியாது. 50 சதவீதம் என்று தொடங்குகிறது, கூடவே "20 சதவீதம்வரை தவறாக இருக்கலாம்" என்ற சந்தேகத்தையும் வைத்துக்கொள்கிறது. பின்னமாக எழுதினால் 0.2, அதன் வர்க்கம் 0.04, அதுதான் `p`. இந்தப் பகுதியில் அட்டவணையின் சாய்வு சதவீதத்துக்கு 9 மில்லிவோல்ட் என்று கொள்வோம். அதாவது `h` 0.9 வோல்ட். வோல்டேஜ் அளவை 10 மில்லிவோல்ட் அளவுக்குச் சந்தேகிக்கிறோம், ஆகவே `r` 0.0001.

வண்டி கிளம்பி 20 ஆம்பியர் இழுக்கிறது. 50 சதவீதத்துக்கு அட்டவணை 3.68 வோல்ட் சொல்கிறது. உள்தடையால் 40 மில்லிவோல்ட் போக 3.64 வரவேண்டும் என்று ஃபில்டர் எதிர்பார்க்கிறது. அளந்ததோ 3.82. வித்தியாசம் 180 மில்லிவோல்ட். சூத்திரத்தில் எண்களைப் போட்டால் கெயின் சுமார் 1.11 வருகிறது. 0.18-ஐ அதனால் பெருக்கினால் 0.199. ஒரே அளவீட்டில் 50 என்பது 69.9 சதவீதத்துக்குத் தாவிவிட்டது. மிச்சமிருக்கும் சந்தேகம் 20 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதத்துக்குச் சுருங்கிவிட்டது. இனி அடுத்தடுத்த சுற்றுகளில் கெயின் சிறுத்துக்கொண்டே வரும். ஃபில்டர் பெரும்பாலும் கரண்ட் எண்ணிக்கையை நம்பி, வோல்டேஜைக் கொண்டு மெல்லத் திருத்திக்கொண்டு போகும்.

இதே ஃபில்டரை, ஒரு வரியும் மாற்றாமல், லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களுக்கு, அதாவது எல்.எஃப்.பி.க்கு, வைத்துப் பார்ப்போம். தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, ஆயுள் அதிகம், கோபால்ட் தேவையில்லை என்பதால் பல வண்டிகளும் வீட்டு இன்வெர்ட்டர்களும் இப்போது இந்த வகைக்கு மாறிவருகின்றன. அதன் ஓய்வு வோல்டேஜ் வளைகோட்டைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, 3.2 வோல்ட்டைத் தாண்டியதும் படுத்துவிடுகிறது. பிறகு 95 சதவீதம்வரை ஏறக்குறைய தட்டை. நடுவில் 60, 70 சதவீதப் பக்கத்தில் கிராஃபைட்டின் அமைப்பு மாறுவதால் ஒரு சிறு படி தெரியும், அவ்வளவுதான்.

தட்டையான பகுதியில் சாய்வு சதவீதத்துக்கு அரை மில்லிவோல்ட் என்று எடுத்துக்கொள்வோம். உண்மை 55 சதவீதம், ஃபில்டரின் தொடக்க ஊகம் 35. முன்போலவே 20 சதவீதப் பிழை. ஆனால் இப்போது வோல்டேஜில் அது வெறும் 10 மில்லிவோல்ட் வித்தியாசமாகத்தான் தெரிகிறது. சாய்வு 0.05 ஆகிவிட்டதால் கெயின் 10 வருகிறது. திருத்தம் 10 சதவீதம். விடை 45, சந்தேகம் 14 சதவீதம். இந்த இடம்வரை ஃபில்டர் நேர்மையாகத்தான் நடக்கிறது. எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அதுவே சொல்கிறது.

சிக்கல் அடுத்த நூறு வினாடிகளில் வருகிறது. கால்மனின் கணக்குக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: ஒவ்வோர் அளவீட்டிலும் வரும் பிழை தற்செயலானது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது, கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நூறு அளவீடுகள் வந்ததும் ஃபில்டர் 10 மில்லிவோல்ட் சந்தேகத்தை 1 மில்லிவோல்ட்டாகச் சராசரி செய்துவிட்டதாக நினைக்கிறது. சார்ஜில் தனக்கு 2 சதவீதச் சந்தேகம்தான் மிச்சம் என்று அறிவிக்கிறது. ஆனால் பேட்டரியில் வரும் பிழை அப்படிப்பட்டதல்ல. அளக்கும் சில்லில் நிலையாக ஒரு சில மில்லிவோல்ட் விலகல் இருக்கலாம். அதைவிட மோசமானது ஹிஸ்டெரிசிஸ்: எல்.எஃப்.பி. செல்லைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு 50 சதவீதத்துக்கு வந்தால் ஒரு ஓய்வு வோல்டேஜ், இறக்கிக்கொண்டு 50-க்கு வந்தால் இன்னொன்று. எவ்வளவு நேரம் ஓய்வு கொடுத்தாலும் அந்த இடைவெளி முழுதாக மூடாது. அது 10, 20 மில்லிவோல்ட் அளவுக்கு இருக்கும். சதவீதத்துக்கு அரை மில்லிவோல்ட் என்னும் இடத்தில் நிலையான 10 மில்லிவோல்ட் பிழை என்றால் 20 சதவீதம் தவறு. நூறாவது வினாடியில் ஃபில்டர் 20 சதவீதம் தவறாக இருந்துகொண்டு, 2 சதவீதத்துக்கு மேல் தவறியிருக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறது.

இந்தத் துறையில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஃபில்டரிடம் கொடுக்கும் `r` என்ற எண்ணை, வோல்டேஜ் சில்லின் தரவுத்தாளில் போட்டிருக்கும் இரைச்சல் அளவாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அரை மில்லிவோல்ட், ஒரு மில்லிவோல்ட் என்று அழகாக இருக்கும். ஆனால் அந்த எண் சில்லின் குறையை மட்டும் சொல்வதல்ல. மாதிரியின் குறையையும் அது தாங்க வேண்டும். உள்தடை வெப்பநிலையோடு மாறும், அட்டவணை புதிய செல்லில் எடுத்தது, ஹிஸ்டெரிசிஸ் கணக்கில் இல்லை. இவையெல்லாம் சேர்ந்து சில பத்து மில்லிவோல்ட் வரும். அதை மறைத்து ஒரு மில்லிவோல்ட் என்று சொன்னால், நாமே ஃபில்டரிடம் பொய் சொல்கிறோம். அது நம்மிடம் அதைத் திருப்பிச் சொல்கிறது.

எல்.எஃப்.பி.க்கு நடைமுறையில் செய்வது, தட்டைப் பகுதியில் `r`-ஐ வேண்டுமென்றே பலமடங்கு பெரிதாக்கிவிட்டு, கரண்ட் எண்ணிக்கையை நம்பி ஓட்டுவது. அப்படியானால் கரண்ட் கருவியின் சுழிப் புள்ளியை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும். கான்டாக்டர் திறந்திருக்கும் நேரத்தில், கரண்ட் நிச்சயம் சுழி என்று தெரிந்த நிலையில், அதை மறுபடி அளந்து சரிசெய்து வைக்கலாம். ஹிஸ்டெரிசிஸையே மூன்றாவது நிலையாகச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. ப்ளெட்டின் மாதிரியிலேயே அதற்கு இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வளைகோடு செங்குத்தாக ஏறும் இரு முனைகளுக்கு அவ்வப்போது பேட்டரியைக் கொண்டுபோக வேண்டும். எல்.எஃப்.பி. கார் வைத்திருப்பவர்களை வாரம் ஒருமுறை 100 சதவீதம்வரை ஏற்றச் சொல்லி டெஸ்லா அறிவுறுத்துவதன் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. மற்ற செல் வகைகளுக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள் என்று சொல்லப்படுவதால் வாங்குகிறவர்கள் குழம்புவார்கள். முழுச் சார்ஜ் அங்கே பேட்டரிக்கு மட்டுமல்ல, அதன் கணக்குப்பிள்ளைக்கும் தேவைப்படுகிறது.

இப்போது அந்த மேம்பாலத்துக்கு வரலாம். வண்டி என்.எம்.சி. பேக்தான், ஆனால் சில வருடம் ஓடியது. மென்பொருளில் உள்தடை இன்னும் 2 மில்லிஓம் என்றே இருக்கிறது. செல் மூப்படைந்து உண்மையில் அது 3 ஆகிவிட்டது. பாலம் ஏற 40 வினாடி 60 ஆம்பியர் இழுக்கிறது. உண்மையில் செலவானது 0.67 ஆம்பியர்-மணி, அதாவது 1.7 சதவீதம். ஆனால் கணக்கில் வராத 1 மில்லிஓமால் வோல்டேஜ் 60 மில்லிவோல்ட் கூடுதலாக இறங்கியிருக்கிறது. ஃபில்டருக்கு அது உள்தடை என்று தெரியாது. சார்ஜ் குறைவாக இருப்பதால்தான் வோல்டேஜ் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. நன்றாக நிலைபெற்ற ஃபில்டரில் கெயின் வினாடிக்கு 0.01 என்று வைத்தால், அந்த 40 வினாடியில் அது பொய்யாக இன்னொரு 2 சதவீதத்தைக் கழித்துவிடும். திரையில் ஏறக்குறைய 4 சதவீதம் போனதாகத் தெரியும். சிக்னலில் கரண்ட் சுழியாகும்போது வோல்டேஜ் மறுபடி உண்மையைச் சொல்ல, சில நிமிடங்களில் அந்த 2 சதவீதம் திரும்பிவரும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு, அதுவும் மிக நேரானது. ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் அந்த வித்தியாசத்தை, `e` என்ற எண்ணை, தூக்கி எறியாமல் பதிவு செய்ய வேண்டும். ஃபில்டர் சரியாக இருந்தால் வித்தியாசம் சுழியின் இருபுறமும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். நூற்றுக்கு 95 முறை, ஃபில்டர் தானே கணக்கிட்ட எல்லையின் இரு மடங்குக்குள் நிற்கும். கிடைமட்டத்தில் கரண்டையும் செங்குத்தில் வித்தியாசத்தையும் வைத்துப் புள்ளிகளைக் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் சாய்ந்த கோடாக அணிவகுத்தால் உள்தடை தவறு. அந்தக் கோட்டின் சாய்வுதான் எத்தனை மில்லிஓம் தவறு என்பது. நம் உதாரணத்தில் அது ஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட் கீழ்நோக்கிச் சாயும். கரண்ட் எதுவானாலும் வித்தியாசம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வோல்டேஜ் அளவிலோ அட்டவணையிலோ நிலையான விலகல். கரண்ட் சட்டென்று மாறும் நொடிகளில் மட்டும் ஊசிபோலக் குத்தி நின்றால், சந்தேகப்பட வேண்டியது நேரத்தை.

நேரம் என்று சொன்னது வன்பொருளுக்கு அருகில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் புரியும் ஒரு விஷயம். வோல்டேஜை ஒரு சில்லும் கரண்டை இன்னொரு சில்லும் அளக்கின்றன. இரண்டும் ஒரே கணத்தில் அளந்தவை என்று ஃபில்டர் நம்புகிறது. செல்களை ஒன்றன்பின் ஒன்றாக அளக்கும் சில்லில், முதல் செல்லுக்கும் பதினான்காவது செல்லுக்கும் இடையிலேயே சில மில்லிவினாடிகள் போய்விடும். ஓட்டுநர் த்ராட்டிலை முறுக்கும்போது கரண்ட் அதற்குள் 80 ஆம்பியர் ஏறிவிடலாம். பழைய கரண்டோடு புதிய வோல்டேஜைச் சேர்த்தால், 2 மில்லிஓமுக்கு 160 மில்லிவோல்ட் பொய். நிலைபெற்ற ஃபில்டர் இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சாவியைத் திருப்பிய முதல் வினாடியில், கெயின் பெரிதாக இருக்கும்போது இது நடந்தால், அந்த ஒரே அளவீடு சார்ஜை 18 சதவீதம் தூக்கிப் போட்டுவிடும். அதோடு சந்தேகமும் சுருங்கிவிடுவதால் பிழை நெடுநேரம் அங்கேயே தங்கும். ஆகவே சாவி திருப்பியதும் கரண்ட் ஓடுவதற்கு முன்பே முதல் வோல்டேஜை எடுத்துவிடுவதும், பிறகு கரண்ட் துள்ளும் சுற்றுகளில் திருத்தத்தைத் தவிர்த்து முன்கணிப்போடு நிறுத்திக்கொள்வதும் நல்ல பழக்கங்கள்.

கணக்கின் பளு பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு நிலைகள் மட்டுமென்றால் ஒரு சுற்றுக்குச் சில பத்துப் பெருக்கல்கள்தான். இன்றைய சாதாரண மைக்ரோகன்ட்ரோலருக்கு அது ஒன்றுமில்லை. 14 செல்களுக்கும் தனித்தனி ஃபில்டர் வைக்க இடமில்லை என்றால், சராசரி செல்லுக்கு ஒன்று வைத்து, ஒவ்வொரு செல்லும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை மட்டும் மெதுவாகக் கவனிக்கும் முறையும் ப்ளெட்டினுடையதே. கவனிக்க வேண்டியது வேறு: 32 பிட் தசம எண்களில் `p` மிகச் சிறிதாகி, வட்டமாக்கல் பிழையால் சுழிக்குக் கீழே போய்விடக் கூடாது. போனால் கெயினின் குறி மாறி, ஃபில்டர் உண்மையை விட்டு விலகி ஓடத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு ஒரு கீழ்வரம்பு வைத்துவிட்டால் போதும்.

மிஞ்சியிருப்பது கொள்ளளவு. 40 ஆம்பியர்-மணி என்பது புதிய பேக்கின் எண். சில வருடங்களில் அது 34 ஆகலாம். மென்பொருள் 40 என்றே நினைத்துக்கொண்டிருந்தால், 100-இலிருந்து உண்மையில் 50 சதவீதத்துக்கு இறங்கியபோது கரண்ட் எண்ணிக்கை 57.5 என்று சொல்லும். என்.எம்.சி.யில் வோல்டேஜ் அதை ஓரளவு இழுத்துப் பிடித்துவிடும், அதனாலேயே பிழை வெளியே தெரியாமல் வெகுநாள் ஒளிந்திருக்கும். பதிவுகளில் மட்டும், இறங்கும்போதெல்லாம் வித்தியாசம் கீழே சாய்ந்தும் ஏறும்போதெல்லாம் மேலே சாய்ந்தும் நிற்கும்.

கொள்ளளவைப் புதிதாகக் கணக்கிடுவது சுலபமாகத் தோன்றும்: ஃபில்டர் உறுதியாக இருக்கும் இரு தருணங்களை எடுத்து, இடையில் போன ஆம்பியர்-மணியை சார்ஜ் வித்தியாசத்தால் வகுத்தால் போதும். காலையில் ஓய்ந்த நிலையில் 92 சதவீதம், இரவில் மறுபடி ஓய்ந்தபின் 30, இடையில் போனது 21.1 ஆம்பியர்-மணி. 21.1-ஐ 0.62-ஆல் வகுத்தால் 34. இரு முனைகளிலும் ஒவ்வொரு சதவீதச் சந்தேகம் இருந்தால், இரண்டும் சேர்ந்து 1.4 சதவீதம், 62-இல் அது சிறிய பங்குதான். விடை 34, கூடக்குறைய 0.8. இதே வேலையை 60-க்கும் 50-க்கும் இடையில் செய்தால், அதே 1.4 சதவீதம் இப்போது 10-இல் ஒரு பங்கு. விடை 34 என்றே வரலாம். ஆனால் அது 29 ஆகவும் இருக்கலாம், 39 ஆகவும் இருக்கலாம். ஆகவே கொள்ளளவை மாற்றி எழுதும் நிரல், விடையைப் பார்ப்பதற்கு முன்பு இரு முனைகளின் `p`-யையும் இடையிலுள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும். தினமும் பத்து சதவீதம் ஓட்டிவிட்டு இரவில் சார்ஜரில் செருகிவிடுகிறவரின் வண்டியில், நம்பத்தகுந்த ஒரு கொள்ளளவு கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை பழைய எண்ணையே, அதன் சந்தேகத்தைச் சற்றுச் சற்றாகக் கூட்டிக்கொண்டு, வைத்திருப்பதுதான் சரி.